மழை விட்டதும் வரும் நத்தைகள்: செண்டுமல்லி நாற்றைக் காப்பது எப்படி?

ஐப்பசி மழை ஓய்ந்த மறுநாள் காலை செண்டுமல்லி நாற்றுகளைப் பாருங்கள். இலைகளில் கோணல்மாணலாக ஓட்டைகள் இருக்கும். சில நாற்றுகளில் வெறும் தண்டுதான் மிஞ்சியிருக்கும். தின்றது புழு என்றால் இலைமேல் கறுப்பு எச்சம் கிடக்கும். மண்ணிலும் தொட்டி விளிம்பிலும் பளபளவென்று காய்ந்த கோழைத்தடம் தெரிந்தால், அது நத்தையோ ஓடில்லாத நத்தையோ செய்த வேலை.

உடம்பு காய்ந்தால் நத்தை பிழைக்காது. அதனால் பகலில் தொட்டியின் அடியிலும் செங்கல் இடுக்கிலும் சருகுக்குள்ளும் ஒளிந்திருந்து, இரவில்தான் மேயும். அதன் இந்தக் குணத்தை வைத்தே அதைப் பிடித்துவிடலாம். பொழுது சாயும்போது பழைய சாக்கு ஒன்றை நனைத்துப் பாத்தி ஓரமாக விரித்து, அதனடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸின் வெளி இலைகளோ போட்டுவையுங்கள். விடியும் நேரத்தில் நத்தைகள் அங்கே போய் ஒண்டிக்கொள்ளும். வெயில் ஏறுமுன் சாக்கைத் தூக்கி, கையுறை போட்டுப் பொறுக்கி, கெட்டியான உப்புத் தண்ணீர் உள்ள வாளியில் போடுங்கள். வெறுங்கையால் தொடவே கூடாது. பெரிய ஆப்பிரிக்க நத்தையிடம் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் புழு இருக்கலாம். சாக்கின் அடியில் ஒன்றும் அகப்படாத நாள் வரை இதைத் தொடருங்கள். மண்ணைக் கிளறும்போது ஜவ்வரிசி மாதிரி வெண்ணிற முட்டைகள் கொத்தாகத் தென்பட்டால் அவற்றையும் எடுத்து நசுக்கிவிடுங்கள்.

உப்பை நேராகப் பாத்தியில் தூவாதீர்கள்; நத்தையோடு நாற்றும் கருகும். சாம்பலும் சுண்ணாம்பும் காய்ந்திருக்கும்வரைதான் தடுக்கும், ஒரு தூறல் போதும், பயனற்றுப் போகும். முட்டை ஓட்டையும் நம்பவேண்டாம். இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்சுரல் சொசைட்டி 2018-ல் வெளியிட்ட சோதனையில், முட்டை ஓடு போட்ட லெட்யூஸ் கீரையையும் ஒன்றும் போடாததைப் போலவே நத்தைகள் தின்றிருந்தன.

நாற்றுத்தட்டு என்றால் காவல் இன்னும் எளிது. தட்டை ஸ்டூல்மேல் வைத்து, நான்கு கால்களையும் உப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். சுவரோ பக்கத்துச் செடியின் இலையோ தட்டில் உரசக் கூடாது. உரசினால் அந்த வழியாக ஏறிவிடும். மழைநீர் சேர்ந்தால் உப்பு நீர்த்துவிடும் என்பதால் கிண்ணத் தண்ணீரை அடிக்கடி மாற்றவேண்டும்.

மாலையில் நீர் ஊற்றினால் இரவு முழுதும் மண் ஈரமாகவே இருக்கும், நத்தைக்கு அதைவிட என்ன வேண்டும்? காலையில் ஊற்றுங்கள். நாற்று அரையடி வளர்ந்து தண்டு கெட்டிப்பட்டுவிட்டால் நாலு இலை போனாலும் செடி தேறிவிடும். அதுவரை ராத்திரியில் ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பார்த்துவிடுங்கள்.