கடைசிப் பக்கத்துப் புத்தகத்துக்கும் ஒரு வழி

இணையத்தில் பழைய புத்தகம் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சிறுகதைப் பிரிவில் மட்டும் 1,200 புத்தகங்கள். பக்கத்துக்கு 24 வீதம் 50 பட்டியல் பக்கங்கள். கீழே ‘அடுத்து’ என்ற ஒரே இணைப்புதான் என்றால், கடைசிப் பக்கத்துப் புத்தகத்தை முகப்பிலிருந்து எட்ட 51 கிளிக் வேண்டும். வாசகர் அதற்கு வெகு முன்பே கிளம்பிவிடுவார். இணைப்புகளைப் பிடித்துக்கொண்டே பக்கம் பக்கமாகப் படித்துச் செல்லும் கூகுளின் கிராலரும் அவ்வளவு தூரம் அடிக்கடி வராது.

இதற்குப் பலரும் முதலில் வைப்பது பிரெட்கிரம்ப். தலைப்புக்கு மேலே ‘முகப்பு › சிறுகதை › 1960கள்’ என்று சிறிய எழுத்தில் இருக்குமே, அந்த வரிதான். தேடலிலிருந்து நேராக ஒரு புத்தகத்தின் பக்கத்தில் வந்து இறங்கியவர், அது பிடிக்காவிட்டால் ‘1960கள்’ மீது தட்டி அதே காலத்துப் பிற புத்தகங்களைப் பார்க்கலாம். அவர் வந்த வழியை அது காட்ட வேண்டியதில்லை. கடைக்குள் அந்தப் புத்தகம் இருக்கும் இடத்தைக் காட்டினால் போதும். ஆனால் பிரெட்கிரம்ப் மேலே ஏறத்தான் உதவும். 50ஆம் பக்கத்தில் கிடக்கும் புத்தகத்துக்கு அதனால் புதிதாக ஒரு வழியும் திறக்காது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

கீழே இறங்க, பிரிவை உடைக்க வேண்டும். 60 புத்தகங்கள் கொண்ட 20 உட்பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று பக்க எண்களைக் கொடுத்தால் எந்தப் புத்தகமும் நான்கு கிளிக்குக்குள் வந்துவிடும்.

அடுத்தது, ‘தொடர்புடைய புத்தகங்கள்’. இங்கே எல்லாப் பக்கத்திலும் அதிகம் விற்கும் அதே நான்கைக் காட்டுவது பெரிய தவறு. அந்த நான்குக்கும் ஆயிரக்கணக்கில் இணைப்பு சேரும், மற்றவற்றுக்கு ஒன்றுகூட வராது. நான் பரிந்துரைப்பது வேறு முறை. உட்பிரிவின் 60 புத்தகங்களையும் ஆசிரியர், ஆண்டு என்ற வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு பக்கத்திலும் அதற்கு அடுத்து வரும் நான்கைக் காட்டுங்கள். கடைசிப் புத்தகத்துக்குப் பின் மீண்டும் முதலாவது. இப்படி ஒவ்வொரு புத்தகத்துக்கும் சரியாக நான்கு பக்கங்களிலிருந்து இணைப்பு வரும். அடுத்தடுத்து இருப்பவை பெரும்பாலும் ஒரே ஆசிரியருடையவை என்பதால் வாசகருக்கும் பொருத்தமாக இருக்கும். புத்தகம் விற்று அதன் பக்கத்தை நீக்கினால் வரிசையை மறுபடி கணக்கிட வேண்டும். இல்லையென்றால் நான்கு பக்கங்களில் செத்த இணைப்பு நிற்கும்.

இணைப்பு எல்லாம் `<a href>` ஆக இருப்பது கட்டாயம். ‘மேலும் காட்டு’ பொத்தானைக் கிராலர் அழுத்தாது. சோதிப்பது எளிது: உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு, முகப்பிலிருந்து கடைசிப் பக்கத்துப் புத்தகம் ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். பிறகு கூகுள் சர்ச் கன்சோலில் ‘Discovered - currently not indexed’ பட்டியலைத் திறந்து, அதில் எந்த உட்பிரிவின் புத்தகங்கள் குவிந்திருக்கின்றன என்று பார்த்து, அந்த உட்பிரிவின் இணைப்புகளை முதலில் சரிபாருங்கள்.