நோட்டீஸ் போர்டில் ஒட்டும் மாதத் தாள்

அடுக்குமாடிக் குடியிருப்பின் அசோசியேஷன் மாதம் ஒரு முறை லிஃப்ட் வாசலில் ஒட்டும் தாளில் மூன்று பகுதிகள் இருக்கும். மெயின்டனன்ஸ் எவ்வளவு வந்தது, எவ்வளவு நிலுவை என்பது முதல் பகுதி. மோட்டார், லிஃப்ட், குழாய் போன்றவற்றில் நடந்த வேலை இரண்டாவது. தண்ணீர் நிற்கும் நாள், கூட்டம், பண்டிகை முதலியவை மூன்றாவது. முதல் பகுதியைத்தான் எல்லோரும் முதலில் படிக்கிறார்கள். அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் அதுவே.

சென்னையில் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு மாதம் 3,000 ரூபாய் என்றால், ஜூன் மாதம் வரவேண்டியது 72,000. மாதக் கடைசியில் பாங்க் பாஸ்புக்கைக் கூட்டிப் பார்த்தால் வந்ததும் சரியாக 72,000. தாளில் ‘ஜூன் வசூல் ரூ.72,000’ என்று ஒரே வரியில் போட்டுவிட்டால், படிப்பவர் எல்லோரும் கட்டிவிட்டதாகவே நினைப்பார். உண்மையில் ஜூன் மாதத்துக்குக் கட்டியவை 21 வீடுகள்தான், அது 63,000. இன்னொரு 6,000, இரண்டு வீட்டுக்காரர்கள் கட்டிய பழைய பாக்கி. மீதி 3,000, ஊருக்குப் போகும் ஒருவர் ஜூலைக்காக முன்கூட்டியே போட்ட பணம். மூன்றும் சேர்ந்து 72,000 ஆனது தற்செயல். மூன்று வீடுகள் ஜூனுக்குக் கட்டவே இல்லை என்பது அந்த ஒற்றை வரிக்குள் மறைந்துபோகிறது.

ஆகவே நல்ல தாளில் இரண்டு தனிக் கணக்குகள் இருக்கும். ஒன்று ரொக்கக் கணக்கு. மாத ஆரம்பத்தில் கையிருப்பு 41,300; வரவு 72,000; செலவு 68,600; மாதக் கடைசியில் இருப்பு 44,700. இந்த இருப்பு பாங்க் இருப்போடும் கைரொக்கத்தோடும் பைசா சுத்தமாக ஒத்துப்போக வேண்டும். மற்றது பாக்கிக் கணக்கு. மே முடிவில் பாக்கி 15,000. அதோடு ஜூனுக்கு வரவேண்டிய 72,000. இவற்றிலிருந்து வந்த 63,000-ஐயும் 6,000-ஐயும் கழித்தால் இப்போதைய பாக்கி 18,000. முன்பணமான 3,000 இந்தக் கழித்தலில் சேராது. அது ஜூலையில்தான் வரவாக எழுதப்பட வேண்டிய பணம். ரொக்கக் கணக்கு ஜூனில் 3,400 ரூபாய் மிஞ்சியதாகக் காட்டுகிறது. முன்பணத்தைத் தள்ளிவிட்டால் உண்மையில் மிஞ்சியது 400 ரூபாய்தான். பாக்கி மட்டும் ஒரே மாதத்தில் 3,000 ஏறியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் குடியிருப்பின் நிலைமை புரியும்.

செலவுப் பக்கத்தில் ஒரு மாதத்தை அடுத்த மாதத்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. பொது மின்சார பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவது. ஜூனில் 11,200 கட்டியிருந்தால் ஜூலையில் அந்த வரியே இருக்காது. ஜூலை சிக்கனமான மாதம்போலத் தோன்றும். பில்லுக்குப் பக்கத்தில் ‘இரண்டு மாதத்துக்கு’ என்று எழுதினாலே இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். தண்ணீர் லாரிக்கு மொத்தம் 12,000 என்பதைவிட ‘6 லோடு’ என்று சேர்த்து எழுதுவது பயனுள்ளது. பணம் ஏறியது விலையாலா, லோடு எண்ணிக்கையாலா என்று அப்போதுதான் தெரியும்.

பாக்கிப் பட்டியலில் வீட்டு எண், எந்த மாதங்கள், எவ்வளவு தொகை, எந்தத் தேதி நிலவரம் ஆகியவை போதும். தேதி இல்லாத பட்டியலால்தான் சண்டை வருகிறது. 30-ஆம் தேதி வரையிலான கணக்கு ஜூலை 5-ஆம் தேதி ஒட்டப்படும்போது, நடுவில் கட்டியவர் தன் எண்ணைப் பட்டியலில் பார்த்துக் கோபப்படுவது இயல்பு. அதைவிடக் கடினமானது, ஜி-பேயில் வீட்டு எண் போடாமல் அனுப்பிய பணம். மகன் எண்ணிலிருந்தோ வாடகைக்காரர் பெயரிலோ 3,000 வந்து விழுகிறது. டிரஷரருக்கு அது எந்த வீடு என்று தெரியவில்லை. அதை யூகித்து ஒரு வீட்டின் கணக்கில் ஏற்றுவது தவறு. ‘விவரம் தெரியாத வரவு, இந்தத் தேதி, இவ்வளவு’ என்று தனி வரியாகத் தாளில் போட்டால், பணம் அனுப்பியவரே கீழே இறங்கி வந்து சொல்லிவிடுவார்.

பழுதுப் பகுதிக்குப் பெரும்பாலான தாள்கள் ஒரே வரி ஒதுக்குகின்றன: ‘போர் மோட்டார் ரிப்பேர் ரூ.7,800’. இந்த வரியால் யாருக்கும் பயனில்லை. என்றைக்கு மோட்டார் நின்றது, பார்த்தவர் என்ன சொன்னார், என்ன செய்தார், எவ்வளவு நாள் உத்தரவாதம் என்ற நான்கும் இருந்தால்தான் அது பதிவு. ‘ஜூன் 9 மோட்டார் நின்றது. குழாயை மேலே தூக்கிப் பார்த்ததில் காயில் கருகியிருந்தது. ரீவைண்டிங் செய்து 11-ஆம் தேதி இறக்கப்பட்டது. உத்தரவாதம் 6 மாதம்’ என்று எழுத மூன்று வரிகூட ஆகாது.

இப்படி எழுதிய தாள்களை ஒரு ஃபைலில் போட்டு வைத்தால் அவை மோட்டாரின் வரலாறாகிவிடும். ஜூனில் கருகிய அதே மோட்டார் மார்ச்சிலும் ரீவைண்டிங் ஆனதாகப் பழைய தாள் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில், அந்த 6 மாத உத்தரவாதம் இன்னும் முடியவில்லை. 7,800 கட்டியிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். அடுத்து, மூன்று மாதத்தில் இருமுறை காயில் போனால் சந்தேகம் கிணற்றின் மேல் விழ வேண்டும். நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர வைப்பது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். கோடையில் நீர்மட்டம் இறங்கி, மோட்டார் தண்ணீர் இல்லாமல் ஓடினால் சூடேறிக் கருகும். அதற்கு முன்னறிவிப்பும் உண்டு. மேலே குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு, காற்றோடு கலந்து வரும். பேனல் போர்டிலுள்ள ஆம்பியர் முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கி நிற்கும். வாட்ச்மேன் அந்த முள்ளைப் பார்க்கப் பழகியிருந்தால் ஸ்விட்சை அணைத்துவிடுவார். தண்ணீர் இல்லாதபோது மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியைப் பேனலில் பொருத்தலாம். இன்னொரு ரீவைண்டிங்குக்குக் கொடுப்பதைவிட அதற்குக் கொடுப்பது மேல். குறைந்த மின்னழுத்தத்தாலும் காயில் கருகும் என்பதால், எலெக்ட்ரீஷியன் எதைக் காரணமாகச் சொன்னார் என்பதும் தாளில் இருக்க வேண்டும். முடியாத வேலைகளையும் விடக் கூடாது. மொட்டை மாடி ஒழுகலுக்கு இரண்டு கோட்டேஷன் வந்திருக்கிறது, மூன்றாவதுக்குக் காத்திருப்பு என்று எழுதினால் மேல்தளத்து வீட்டுக்காரர் செகரட்டரியைத் தினம் நிறுத்திக் கேட்க மாட்டார்.

நிகழ்ச்சிப் பகுதி சுருக்கமாக இருக்கலாம். கொலு, பொங்கல் விழா போன்றவற்றுக்கு நாள், நேரம், இடம், யாரிடம் பெயர் கொடுப்பது என்பவை போதும். பொதுக்குழு என்றால் பேசப்போகும் பொருளும் இருக்க வேண்டும். மாதக் கட்டணத்தை உயர்த்தப் போகும் கூட்டத்தை ‘பொதுக்குழு’ என்று மட்டும் அறிவித்தால், வராதவர்கள் பிறகு அந்த முடிவையே மறுப்பார்கள். எத்தனை நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்பது சங்கத்தின் துணைவிதியில் இருக்கும். அந்தக் கணக்குப்படி தாள் முன்கூட்டியே ஒட்டப்பட வேண்டும்.

விரிவாக எழுத வேண்டிய அறிவிப்பு தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் நாள். சம்ப்பில் உள்ள தண்ணீர் வீணாகாமல் இருக்க, முதல் நாளே லாரி சொல்லக் கூடாது. இருப்பைத் தீர்த்துவிட்டுத்தான் ஆள் இறங்குவார். சம்ப் முடிந்த பிறகு ஓவர்ஹெட் டேங்க். ‘ஞாயிறு காலை 7 முதல் 12 வரை தண்ணீர் வராது. சனி இரவே பிடித்து வைக்கவும். திரும்ப வந்ததும் பாத்ரூம் குழாயைத் திறந்து கலங்கல் போகும்வரை விடவும். அதற்கு முன் வாஷிங் மெஷினையோ வாட்டர் ஃபில்டரையோ போட வேண்டாம்.’ இந்தக் கடைசி வரி விடுபட்ட மாதத்தில்தான் ஃபில்டர் அடைத்துக்கொண்டதாகப் புகார்கள் வரும்.