நகையை அடைவு வைப்பதா, வங்கியில் கடன் எடுப்பதா?

அவசரக் காசுக்கு நகையை என்ன செய்யலாம் என்று நான் வானொலியில் பேசியதைச் சுருக்கித் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். அதை இங்கே தருகிறேன்.

ஊரில் இலங்கை வங்கிக்கோ மக்கள் வங்கிக்கோ நகையோடு போனால், உரைத்துப் பார்த்து, நிறுத்து, காசைக் கையில் தருவார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வங்கியில் கேட்பவர்கள் உண்டு. ஆனால் யேர்மனியில் நாம் கணக்கு வைத்திருக்கும் சாதாரண வங்கிக் கிளைகளில் நகைக்கடன் என்ற ஒன்று இல்லை. நகைக்குக் காசு தருவது அடைவுகடை, அதாவது பான்ட்ஹவுஸ். வங்கியில் கிடைப்பது சம்பளத்தைப் பார்த்துத் தரும் கடன். கணக்கில் இருப்பதை விடக் கூடுதலாக எடுக்கும் 'டிஸ்போ' அதில் ஒன்று. ஆகவே நாம் ஒப்பிட வேண்டியது இந்த இரண்டையும்தான்.

முதலில் வட்டி. அடைவுகடைக்காரர் மாதம் நூற்றுக்கு 1 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. இது மலிவாகத் தெரியும். ஆனால் வட்டியோடு கட்டணமும் உண்டு. 300 யூரோ வரையான கடனுக்கு அந்தக் கட்டணத்தையும் சட்டமே வகுத்திருக்கிறது. 300 யூரோவுக்கு அது மாதம் 6.50 யூரோ. அதற்கு மேற்பட்ட கடனுக்குக் கட்டணத்தைக் கடைக்காரரே தீர்மானிப்பார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1000 யூரோ எடுக்கிறீர்கள். வட்டியும் கட்டணமும் சேர்த்து மாதம் 3 வீதம் என்று கடைக்காரர் சொல்கிறார் என்று வையுங்கள். மூன்று மாதத்தில் 90 யூரோ போகும். அதே 1000 யூரோவை ஆண்டுக்கு 12 வீத வட்டியில் டிஸ்போவாக எடுத்தால் மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 30 யூரோதான். எனவே டிஸ்போ கிடைப்பவருக்குப் பெரும்பாலும் அதுவே மலிவு. கடையில் "வட்டி எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். "மூன்று மாதத்தில் மீட்க மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேளுங்கள்.

அடுத்தது பத்திரம். வங்கிக்கு நிரந்தர வருமானம் வேண்டும், ஷூஃபா பதிவும் பார்ப்பார்கள். அடைவுகடையில் இவை தேவையில்லை. கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ கேட்பார்கள், வதிவிடப் பதிவுப் பத்திரமும் கேட்கலாம். நகை உங்களுடையதாக இருக்க வேண்டும். காசோடு அடைவுச் சீட்டு ஒன்றும் தருவார்கள். சீட்டைக் கொண்டுவருபவரிடம் நகையைக் கொடுக்கலாம் என்ற நிபந்தனை வழமையாக உண்டு. ஆகவே சீட்டு தொலைந்தால் அன்றே கடைக்கு அறிவியுங்கள்.

மூன்றாவது, நகையின் பாதுகாப்பு. கடைக்காரர் தீ, தண்ணீர்க் குழாய்ச் சேதம், உடைத்துக் களவெடுத்தல் ஆகியவற்றுக்குக் காப்புறுதி செய்ய வேண்டும். அது கடன் தொகையின் இரண்டு மடங்குக்குக் குறையக்கூடாது. இங்கே கவனியுங்கள். 300 யூரோ தேவைக்குக் கனமான தாலிக்கொடியை வைத்தால், சட்டப்படி கட்டாயமான காப்புறுதி 600 யூரோ மட்டுமே. கொடியோ அதைவிடப் பல மடங்கு பெறும். தேவைக்கு அளவான சிறிய நகையை வைப்பதே புத்தி. நகையைக் கொடுக்கும்போது நிறை, 916 முத்திரை, கல், அடையாளம் எல்லாம் சீட்டில் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். செய்கூலியைக் கடைக்காரர் கணக்கில் எடுக்கமாட்டார். தங்கத்தின் பெறுமதியில் ஒரு பங்குதான் கடனாகக் கிடைக்கும்.

தவணை குறைந்தது மூன்று மாதம். அது முடிந்து ஒரு மாதம் கழியும் முன்பு நகையை ஏலம் விட முடியாது. வட்டியையும் கட்டணத்தையும் கட்டினால் வழமையாகத் தவணையை நீட்டலாம். ஏலம் போய்விட்டால் கடைக்காரர் தன் கடனையும் செலவையும் எடுத்துக்கொள்வார், மிச்சம் உங்களுடையது. ஆனால் அதை நீங்கள் போய்க் கேட்க வேண்டும். கேளாதிருந்தால் குறிப்பிட்ட காலத்தின் பின் அரசுக்குப் போய்விடும். ஏலத்தில் காசு குறைந்தாலும் உங்களிடம் மேலதிகமாகக் கேட்க முடியாது. வங்கிக் கடன் அப்படியல்ல. கட்டாவிட்டால் அது சம்பளம் வரை துரத்தும், ஷூஃபாவிலும் ஏறும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "நகையை விற்றுவிடுங்கள், பிறகு நீங்களே திரும்ப வாங்கலாம்" என்று சில தங்கக் கடைகளில் சொல்வார்கள். திருப்பி வாங்கும் உரிமையோடு நகை வாங்குவதைத் தொழிலாகச் செய்ய யேர்மன் சட்டம் தடை விதித்திருக்கிறது. அங்கே அடைவுச் சட்டத்தின் எந்தப் பாதுகாப்பும் உங்களுக்கு இல்லை. கையெழுத்து வைக்கும் தாளில் 'விற்பனை' என்ற பொருள்படும் 'கவுஃப்' இருக்கிறதா, 'அடைவு' என்ற பொருள்படும் 'பான்ட்' இருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். மொழி விளங்காவிட்டால் பிள்ளைகளையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், டிஸ்போ கிடைத்து, சில மாதத்தில் கட்டிவிட முடியுமென்றால் வங்கி. வங்கி மறுத்து, இரண்டு மூன்று மாதத்தில் காசு வருவது நிச்சயமென்றால் அடைவுகடை. காசு எப்போது வருமென்று தெரியாதவர் தாலிக்கொடியை மட்டும் அங்கே கொண்டுபோக வேண்டாம்.