இரண்டு வார ஏற்ற இறக்கம் சொல்லும் செய்தி

பங்கு விலை அடுத்த வாரம் எந்தப் பக்கம் போகும் என்பதை இந்த வாரம் போன திசையை வைத்துச் சொல்ல முடியாது என்று பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். விலையின் ஒவ்வொரு அசைவும் முந்தைய அசைவுக்குத் தொடர்பில்லாமல் நிகழ்கிறது என்ற இந்தக் கருத்துக்கு ‘ராண்டம் வாக்’ என்று பெயர். இதைச் சோதிக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 1988-ல் ஆண்ட்ரூ லோ, கிரெய்க் மெக்கின்லே என்ற இரு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கை அமெரிக்கப் பங்குச் சந்தையின் மேல் போட்டுப் பார்த்து, ராண்டம் வாக் பொருந்தவில்லை என்று அறிவித்தார்கள். விடையைவிட அந்த விடையை அவர்கள் குறுக்கு விசாரணை செய்த விதம்தான் என்னை அதிகம் கவர்ந்தது.

முதலில் கணக்கு. ஒரு குறியீட்டெண்ணின் வார வருமானம் சராசரியிலிருந்து 2 சதவீத அளவுக்கு ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் படித்த திட்ட விலக்கம்தான் இந்த 2. அதை வர்க்கப்படுத்தினால் 4 வரும், இதுவே வேரியன்ஸ். அடுத்தடுத்த வாரங்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லையென்றால், இரண்டு வார வருமானத்தின் வேரியன்ஸ் 4-ம் 4-ம் சேர்ந்து 8 ஆக வேண்டும். நான்கு வாரத்துக்கு 16, எட்டு வாரத்துக்கு 32. காலம் எத்தனை மடங்கோ, வேரியன்ஸும் அத்தனை மடங்கு. ராண்டம் வாக் இருக்கும் இடத்தில் இந்த விகிதம் மாறாது.

இப்போது உண்மையான இரண்டு வார வருமானங்களை எடுத்துக் கணக்கிடுகிறோம். 8-க்குப் பதில் 10.4 வருகிறது. 10.4-ஐ 8-ஆல் வகுத்தால் 1.30. இதுதான் வேரியன்ஸ் விகிதம். 1-ஐத் தாண்டி நிற்கும் இந்த 0.30 எங்கிருந்து வந்தது? ஏறிய வாரத்துக்குப் பின் ஏற்றமும், இறங்கிய வாரத்துக்குப் பின் இறக்கமும் சற்று அதிகமாக வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே திசையில் கூடியதால் மொத்த ஆட்டம் பெரிதாகிவிட்டது. இந்த வார வருமானத்துக்கும் போன வார வருமானத்துக்கும் உள்ள ஒட்டுறவைத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே 0.30-தான் கிடைக்கும். இதை ஆட்டோகோரிலேஷன் என்பார்கள். இரண்டையும் இணைக்கும் சூத்திரம் ஒரே வரி:

VR(2) = 1 + ρ(1)

ρ(1) என்பது ஒரு வார இடைவெளியில் உள்ள ஆட்டோகோரிலேஷன். ஏறியது உடனே இறங்கும் குணமுள்ள சந்தையில் அது எதிர்மறையாகி, விகிதம் 1-க்குக் கீழே போய்விடும்.

1.30 என்பது கற்பனை எண் அல்ல. 1962 செப்டம்பர் முதல் 1985 டிசம்பர் வரையிலான 1,216 வாரங்களில், எல்லா நிறுவனங்களுக்கும் சம எடை கொடுத்த அமெரிக்கக் குறியீட்டெண்ணுக்கு லோவும் மெக்கின்லேயும் கண்ட விடை அதுவே. நான்கு வாரத்துக்கு 1.64, எட்டு வாரத்துக்கு 1.94 என்று விகிதம் ஏறிக்கொண்டே போனது. 1986-ல் ஒரு மாநாட்டில் இந்த முடிவை முன்வைத்தபோது, விவாதிக்க வந்த மூத்த பொருளாதார அறிஞர் ஒருவர், இவர்கள் புரோகிராம் எழுதியதில் பிழை இருக்க வேண்டும் என்றே சொன்னார்.

அந்தச் சந்தேகம் நியாயமானது. 1-லிருந்து விலகிய எண் கிடைத்தால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். முதல் காரணம், தற்செயல். தொடர்பே இல்லாத எண்களிலும் கொஞ்சம் தொடர்பு இருப்பதுபோல் தெரியும். 1,216 வாரங்களுக்கு இந்தத் தற்செயல் பிழை ஏறக்குறைய 0.029. அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் இருக்கிறது 0.30. ஆனால் சந்தையில் கொந்தளிப்பான வாரங்கள் கூட்டமாக வரும். 1973, 74 போன்ற ஆண்டுகளின் சில பெரிய அசைவுகள் மொத்தக் கணக்கையும் இழுத்துவிடக்கூடும். அதற்கு இடம் கொடுத்துப் பிழையை அவர்கள் மறுபடி கணக்கிட்டார்கள். பத்து மடங்கு ஏழரை மடங்காகக் குறைந்தது. அப்படியும் அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. அசைவின் அளவு காலத்துக்குக் காலம் மாறுவது வேறு, அசைவின் திசையில் தொடர்பு இருப்பது வேறு. இந்தச் சோதனை இரண்டாவதைத்தான் பிடிக்கிறது.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. சிறு நிறுவனப் பங்குகளில் சில நாள் வியாபாரமே நடக்காது. அந்த நாளில் குறியீட்டெண்ணுக்குள் போவது பழைய விலை. இன்று வந்த செய்தி பெரிய பங்குகளில் இன்றும், அந்தச் சிறு பங்குகளில் நாளையோ மறுநாளோ பதிவாகும். சந்தை உண்மையில் ராண்டம் வாக்காகவே இருந்தாலும், பதிவான எண்களில் தொடர்பு முளைத்துவிடும். இதைத் தணிக்கத்தான் அவர்கள் தினசரி விலையை விட்டு, புதன் முதல் புதன் வரையிலான வார விலையை எடுத்தார்கள். பிறகு நேரடியாகவே கணக்கிட்டும் பார்த்தார்கள். எந்த நாளிலும் எந்தப் பங்கும் வியாபாரமாகாமல் போக 50 சதவீத வாய்ப்பு உண்டு என்று மிகையாக வைத்துக்கொண்டாலும், வாரக் கணக்கில் அதனால் பிறக்கும் போலித் தொடர்பு 0.17-தான். மீதிக்கு வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணத்துக்கான துப்பு தனித்தனிப் பங்குகளில் கிடைத்தது. ஒவ்வொரு பங்கையும் தனியாகச் சோதித்தபோது இரண்டு வார விகிதத்தின் சராசரி 0.97. அதாவது 1-க்குச் சற்றுக் கீழே! வாங்குபவர் தரும் விலைக்கும் விற்பவர் கேட்கும் விலைக்கும் நடுவே வியாபாரம் மாறி மாறி நடப்பதால், தனிப் பங்கின் விலையில் இப்படி ஒரு சிறு எதிர்த்துள்ளல் தெரிவது இயல்பே. ஆனால் தனித்தனியே தொடர்பில்லாத பங்குகளைக் கூட்டினால் 0.30 எப்படி வரும்? ஒரு பங்கின் போன வாரத்துக்கும் இன்னொரு பங்கின் இந்த வாரத்துக்கும் தொடர்பு இருந்தால் வரும். 1990-ல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் இதைக் காட்டினார்கள். பெரிய நிறுவனங்களின் போன வார அசைவு சிறிய நிறுவனங்களின் இந்த வார அசைவோடு ஒட்டியிருந்தது. தலைகீழாகப் பார்த்தால், சிறியவை முன்னே போய்ப் பெரியவை பின்தொடரும் தொடர்பு கிட்டத்தட்ட இல்லை. நிறுவனங்களின் சந்தை மதிப்புக்கு ஏற்ப எடை கொடுத்த குறியீட்டெண்ணில் விகிதம் 1.08-ஆகச் சுருங்கியதற்கும் இதுவே விளக்கம்: அதில் சிறியவற்றின் பங்கு குறைவு.

இதனால் பணம் பண்ணிவிடலாமா? 0.30-ஐ வர்க்கப்படுத்தினால் 0.09. அடுத்த வார ஏற்ற இறக்கத்தில் 9 சதவீதத்தைத்தான் இந்த வாரம் விளக்குகிறது. அதுவும் எளிதில் விற்று வாங்க முடியாத சிறு பங்குகளில். தரகும் விலை இடைவெளியும் அதைத் தின்றுவிடும் என்றே நான் நினைக்கிறேன்.

நிஃப்டியின் வார முடிவு விலைகளை வைத்து நீங்களே இதைச் செய்து பார்க்கலாம். விரிதாளில் B2 முதல் B261 வரை 260 வார வருமானங்களை நிரப்பி, இப்படி எழுதினால் ஆட்டோகோரிலேஷன் வந்துவிடும்:

```
=CORREL(B2:B260,B3:B261)
```

ஒரு முன்னெச்சரிக்கை: வாரச் சராசரி விலையை எடுக்காதீர்கள். ராண்டம் வாக்காக இருக்கும் விலையையும் சராசரியாக்கினால் 0.25 அளவுக்குப் போலித் தொடர்பு தோன்றும் என்று ஹோல்புரூக் வொர்க்கிங் 1960-லேயே காட்டிவிட்டார். விகிதம் 1 என்று வந்தாலும் அதோடு விடவேண்டாம். முதல் வாரத் தொடர்பு 0.1, இரண்டாம் வாரத் தொடர்பு -0.2 என்று இருந்தால், மூன்று வார விகிதத்தில் அவை ஒன்றையொன்று அழித்துச் சரியாக 1 காட்டும். அதனால் விகிதத்தோடு தனித்தனி ஆட்டோகோரிலேஷன்களையும் பார்க்க வேண்டும். 260 வாரங்களுக்குத் தற்செயல் பிழை 0.06-க்கு மேல்; அதன் இரு மடங்கு 0.12. எனவே ஐந்து ஆண்டுத் தரவில் இரண்டு வார விகிதம் 0.88-க்கும் 1.12-க்கும் இடையே விழுந்தால், ராண்டம் வாக்கை மறுக்க அதில் ஆதாரம் ஏதும் இல்லை.