மூன்றாவது கோடு

ஒரு புகைப்படத்தைப் பொய் என்று சொல்லிவிட நமக்கு அரை நிமிடம் போதும். இந்த நிழல் இடப்பக்கம் விழுகிறது, அந்த நிழல் நேராக விழுகிறது, ஆகவே ஒட்டுவேலை என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். ஆனால் நிழல் விஷயத்தில் மனிதக் கண்ணைப் போல மோசமான சாட்சி வேறில்லை. படத் தடயவியலில் பேர்போன ஹானி ஃபரீத், மேரி பிராவோவுடன் சேர்ந்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்துப் பார்த்தது. நிழலும் பிரதிபலிப்பும் அப்பட்டமாக முரண்படும் படங்களைக்கூடப் பலரால் இனம்காண முடியவில்லை. இதன் மறுபக்கம் இன்னும் சங்கடமானது. முரண்பாடே இல்லாத உண்மைப் படத்தில் அது இருப்பதாக நினைத்துக்கொள்வதும் இதே கண்தான். எனவே, படத்தில் ஒன்று சேர்க்கப்பட்டதா, நீக்கப்பட்டதா என்ற கேள்விக்குக் கண்ணுக்குத் தோன்றுவதைப் பதிலாக ஏற்கக் கூடாது. ஒளி போகும் வழிக்கும் கேமராவின் சென்சார் வேலை செய்யும் விதத்துக்கும் சில விதிகள் உண்டு. அவை எங்கே மீறப்பட்டுள்ளன என்று காட்ட முடிந்தால் மட்டுமே அது சான்று.

ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்த ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க அதிபர் கென்னடியைச் சுட்டதாகக் குற்றம்சாட்டப்பட்ட லீ ஹார்வி ஆஸ்வால்டு, டாலஸ் நகர வீட்டின் கொல்லைப்புறத்தில் ஒரு கையில் துப்பாக்கியுடன் நிற்கும் படம் அது. 1963 மார்ச்சில் அவருடைய மனைவி மரினா எடுத்தது. போலீஸ் காட்டியபோது, அந்த உடம்பு தன்னுடையதல்ல, முகத்தை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள் என்றார் ஆஸ்வால்டு. பின்னால் வந்தவர்கள் அதற்கு ஆதாரமாக நிழலைக் காட்டினார்கள். மூக்கின் நிழல் நேராக உதட்டை நோக்கி இறங்குகிறது, உடம்பின் நிழலோ பின்பக்கம் ஒருபுறமாகச் சாய்ந்து கிடக்கிறது, இரண்டும் ஒரே சூரியனுடையவையாக எப்படி இருக்கும்? கேட்டதும் நியாயம் என்றே தோன்றும். ஃபரீத் அந்தத் தலையையும் முற்றத்தையும் கணினியில் முப்பரிமாண மாதிரியாகச் செய்து, ஒரே ஒரு விளக்கை வைத்துப் பார்த்தார். மூக்கு நிழலும் உடம்பு நிழலும் படத்தில் உள்ளபடியே விழுந்தன. மூக்கின் நிழல் விழுவது தரையில் அல்ல. செங்குத்தாக நிற்கிற, வளைந்த முகத்தில். சமதரையில் சாய்ந்து நீளும் நிழல், அங்கே நேராக இறங்குவதுபோல் தெரிவதில் வியப்பில்லை. இரண்டு நிழல்களின் திசையை ஒப்பிட்டதே தவறு. அவை விழுந்த பரப்புகள் வேறு வேறு.

அப்படியானால் எதைத்தான் ஒப்பிடுவது? நிழலின் திசையை விட்டுவிட்டு, பொருளில் ஒரு புள்ளியையும் நிழலில் அதே புள்ளி விழுந்த இடத்தையும் இணைக்க வேண்டும். கம்பத்தின் நுனி, கம்ப நிழலின் நுனி. கூரையின் மூலை, நிழலில் அந்த மூலை. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு நேர்க்கோடு இழுத்தால், அது ஒளி வந்த பாதை. வெளிச்சம் ஒரே இடத்திலிருந்து வந்திருந்தால், படத்தில் இப்படி இழுக்கும் எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தரை மேடா பள்ளமா, நிழல் சுவரில் ஏறியதா படிக்கட்டில் மடங்கியதா என்பது இந்தக் கணக்குக்குப் பொருட்டே இல்லை. நிலாவில் எடுத்த அப்போலோ படங்களில் நிழல்கள் இணையாக இல்லை என்று குற்றம் சொல்கிறவர்கள் தவறவிட்டது இதைத்தான். சூரியன் எதிரே இருந்தால் அந்தச் சந்திப்புப் புள்ளி சூரியன் இருக்கும் இடமே. முதுகுக்குப் பின்னால் இருந்தால், படமெடுத்தவரின் தலை நிழல் எங்கே விழுமோ அங்கே போய்ச் சேரும். பெரும்பாலும் புள்ளி படத்துக்கு வெளியே இருக்கும் என்பதால், படத்தைப் பெரிய வெற்றுத்தாளின் நடுவில் வைத்துக்கொண்டுதான் கோடு இழுக்க வேண்டும். ஒரு கோடு எதையும் சொல்லாது. இரண்டு கோடுகள் எப்படியும் எங்காவது வெட்டிக்கொள்ளும், அதுவும் எதையும் சொல்லாது. மூன்றாவது கோட்டில்தான் சோதனையே தொடங்குகிறது. பத்துப் பேர் நிற்கும் படத்தில் ஒன்பது பேரின் கோடுகள் ஓரிடத்தில் கூடி, பத்தாமவருடையது மட்டும் விலகிப் போனால், அவர் வேறு வெயிலில் நின்றவர்.

நிழலின் ஓரம் மழுங்கித்தானே இருக்கிறது, புள்ளியை எப்படித் துல்லியமாகக் குறிப்பது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சூரியன் வானத்தில் அரை பாகை அகலத்துக்குத் தெரிகிறது. ஆகவே பொருளிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மழுங்கும். உயரமான கட்டடத்தின் நிழல் முனையை ஒரு புள்ளியாகக் குறிக்கவே முடியாது. அதற்காகத்தான் கோட்டுக்குப் பதில் ஆப்பு வடிவம் வரைகிறார்கள். பொருள், நிழல் இரண்டில் ஒன்றின் புள்ளி தெளிவாக இருந்து, மற்றதன் புள்ளி மட்டும் துல்லியமாகத் தெரியாவிட்டால், இந்தப் பகுதிக்குள் எங்கோ இருக்கிறது என்று இரு எல்லைகளைக் குறிப்பது. எல்லா ஆப்புகளுக்கும் பொதுவான ஓர் இடம் மிஞ்சுகிறதா என்று பார்ப்பது. மிஞ்சினால் முரண்பாடு இல்லை, அவ்வளவுதான். படம் உண்மையானது என்று அதற்கு அர்த்தமில்லை. மேகமூட்டமான நாளில் இந்தச் சோதனைக்கே வழியில்லை. தெருவிளக்குகள் பல இருக்கும் இடத்தில், ஒவ்வொரு விளக்குக்கும் தனிக் கணக்கு போட வேண்டும்.

நிழல் கைகொடுக்காத இடத்தில் உதவுவது, படக்காரர்கள் நாய்ஸ் என்று சொல்லும் பொடிப்புள்ளிகள். சென்சார் மீது ஒளி மழைத்தூறல்போலத்தான் விழுகிறது. ஒரே வெளிச்சத்தில் உள்ள பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கும் கிடைக்கும் அளவு சற்று ஏறி இறங்கும். வெறும் சுவரைக்கூட நான்கு மடங்கு பெரிதாக்கி, கான்ட்ராஸ்டைக் கூட்டினால் அந்தச் சொரசொரப்பு தெரியும். ஒரே படத்தில், ஒரே அளவு வெளிச்சமுள்ள இடங்களில் அது ஒரே மாதிரி இருக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்த ஓர் ஆளை இரவுப் படத்தில் ஒட்டினால், சுற்றிலும் சொரசொரப்பு, அவர் மேல் மட்டும் வழவழப்பு. பெரிய உருவத்தைப் பாதி அளவுக்குச் சுருக்கி ஒட்டினால், நான்கு பிக்சல்கள் ஒன்றாகிச் சராசரியாவதால் நாய்ஸும் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெரிதாக்கி ஒட்டினால் புள்ளிகள் தடித்துத் தெரியும். ஆனால் வெளிச்சத்தில் உள்ள சட்டையையும் இருட்டில் உள்ள சுவரையும் ஒப்பிட்டு வேறுபாடு கண்டுபிடிப்பது வீண் வேலை. இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினாலே நாய்ஸ் பெருகும். சட்டை, சுவர் இரண்டிலும் ஒரே சாம்பல் நிறத் துண்டைத் தேடிப்பிடித்துத்தான் ஒப்பிட வேண்டும்.

இங்கே இன்றைய செல்பேசிகள் ஒரு பெரிய ஆட்சேபத்தைக் கிளப்புகின்றன, அதை ஒதுக்கிவிட முடியாது. போர்ட்ரெய்ட் முறையில் போனே பின்புலத்தை மங்கலாக்குகிறது. அங்கே நாய்ஸும் கரைந்துபோகிறது. இரவு முறையில் போன் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக்குகிறது. அசையாத சுவருக்கு எல்லாப் படங்களும் சேர்ந்து வழவழப்பாகிவிடும். நடந்துபோகிற மனிதர் ஒவ்வொன்றிலும் வேறிடத்தில் இருப்பதால், அவருக்குச் சில படங்களே பயன்படும், நாய்ஸ் மிஞ்சும். யாரும் கைவைக்காத படத்திலேயே ஆளுக்கும் சுவருக்கும் நாய்ஸ் ஒத்துவராது. ஆகவே நாய்ஸ் வேறுபாடு என்பது, எந்தக் கருவி, எந்த முறை என்று தெரிந்த பிறகே பொருள் தரும்.

ஆனால் நாய்ஸ் வேறுபடுவதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு: நாய்ஸ் ஒத்துப்போவது. ஒரு பொருளை மறைக்க, பக்கத்திலுள்ள தரையையோ வானத்தையோ நகலெடுத்து அதன்மேல் பூசுவதே பழைய வழி. ஃபோட்டோஷாப்பின் குளோன் ஸ்டாம்ப் செய்வது அதைத்தான். 2006 ஆகஸ்டில் பெய்ரூட் நகரின் மேல் குண்டுவீச்சுப் புகை எழும் படத்தை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. எடுத்தவர் அட்னான் ஹஜ். புகையின் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்ததுபோல் திரும்பத் திரும்ப வந்ததைச் செய்தி ஆசிரியர்கள் கவனிக்கவில்லை, இணையத்தில் பார்த்தவர்கள் கவனித்தார்கள். தூசித் தடங்களை நீக்கத்தான் முயன்றேன் என்றார் அவர். தூசியை நீக்க ஒரு சிறு துண்டு போதும். புகை இரட்டிக்கத் தேவையில்லை. ராய்ட்டர்ஸ் அவருடனான உறவை முறித்துக்கொண்டு, அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்தது. உலகில் ஒரே மாதிரிப் பொருள்கள் இல்லையா, அடுக்குமாடியின் ஜன்னல்கள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன என்று கேட்டால், ஜன்னல்கள் ஒன்றுபோல இருக்கலாம், அவற்றின் மேலுள்ள நாய்ஸ் இருக்காது. தற்செயலாக விழும் புள்ளிக்கூட்டம் இரண்டு இடங்களில் புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போனால், அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது.

இந்த விதிகளைத் தாண்டி, மென்பொருள் காட்டும் வண்ணங்களை நம்பிக் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2013ஆம் ஆண்டின் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ விருது சாட்சி. காஸாவில் இறந்த குழந்தைகளின் உடல்களைத் தூக்கிச்செல்லும் கூட்டத்தைப் பால் ஹான்சன் எடுத்த படம் அது. முகங்களில் வெளிச்சம் இயல்பாக இல்லை, சூரியனோடு பொருந்தவில்லை, பல படங்களைச் சேர்த்துச் செய்தது என்று குற்றச்சாட்டு வந்தது. ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் ஒன்று, ஜேபெக் கோப்பை மறுபடி சேமித்து, எங்கே எவ்வளவு மாறுகிறது என்று பளிச்சிட வைக்கும் சோதனை. பளிச்சென்ற ஓரங்களும் கான்ட்ராஸ்ட் கூட்டிய இடங்களும் அதில் எப்போதுமே மின்னும், ஒட்டுவேலை தேவையில்லை. விருதுக் குழு நிபுணர்களை அழைத்தது, ஃபரீத்தும் அவர்களில் ஒருவர். கேமராவின் ராஃபைலையும் விருது பெற்ற படத்தையும் பக்கத்தில் வைத்தார்கள். சில இடங்களை வெளிச்சமாக்கி, சில இடங்களை இருட்டாக்கியிருந்தார் ஹான்சன். அது ரசனைக் கேள்வி, எனக்கும் அந்த மெருகு சற்று அதிகம்தான். ஆனால் எதுவும் சேர்க்கப்படவில்லை, எதுவும் நீக்கப்படவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி மிஞ்சும்: வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இதெல்லாம் செல்லுமா? பாதி செல்லும். சுருக்கி அனுப்பும்போது முதலில் அழிவது நாய்ஸ். நுண்ணிய புள்ளிகளைத் தூக்கி எறிவதால்தான் கோப்பே சிறிதாகிறது. கோடு அப்படி அழியாது, கம்பமும் நிழலும் தெரிகிற வரை இழுக்கலாம். ஆக ஃபார்வேர்டு படத்தில் பெரிய ஓர் உருவம் சேர்க்கப்பட்டிருந்தால் பிடிக்க வாய்ப்புண்டு. ஓரத்தில் சிறிய ஒரு பொருள் நீக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் பிடிக்க முடியாது. சிரியாவில் 2013இல் நார்சிசோ கான்ட்ரெராஸ் எடுத்த படத்தில் நடந்ததும் இப்படி ஒரு சிறிய நீக்கம்தான். பதுங்கிச் செல்லும் போராளியின் அருகே, படத்தின் கீழ் மூலையில், சக ஊழியரின் வீடியோ கேமரா கிடந்தது. பார்ப்பவர் கவனம் சிதறும் என்று, பக்கத்துத் தரையை நகலெடுத்து அதை மூடிவிட்டார். ஏபி நிறுவனம் படத்தை வெளியிட்டது, யாரும் எதுவும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து அவரே ஆசிரியர்களிடம் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஏபி அவருடனான உறவை முறித்துக்கொண்டு, தன்னிடமிருந்த அவருடைய மற்ற படங்களை மூலக்கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்தது. ஐந்நூறுக்குச் சற்றுக் குறைவான அந்தப் படங்களில் வேறெதிலும் கை வைக்கப்படவில்லை.