டிகாஷன் இறங்கும் நேரம்

‘தாத்தாக்கள் சிறப்பிதழ்’ என்று ஆசிரியர் குழு முடிவு செய்ததும் என் பங்குக்குக் காப்பி வந்தது. பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையோரக் கிராமத்தில் ஒரு ஓட்டு வீடு. 78 வயதுப் பெரியவர், காலாண்டு விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த 11 வயதுப் பேத்திக்குக் காலைக் காப்பி போடக் கற்றுக்கொடுக்கிறார். பாசத்தைப் பற்றி எழுது என்றார்கள். போன இடத்தில் எனக்குக் கிடைத்ததோ சிக்கரி.

பித்தளை ஃபில்டரின் மேல் பாத்திரத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்தான் பாடம் தொடங்கியது. ஓட்டைகள் எல்லாவற்றிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் பழைய தூள் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தாத்தா ஒரு ஊசியைக் கொடுத்தார். குத்தியும் போகாத அடைப்புக்கு, மேல் பாத்திரத்தை மட்டும் அடுப்புத் தணலில் கொஞ்ச நேரம் காட்டினால் ஒட்டியிருந்த தூள் கருகி, தட்டியதும் உதிர்ந்துவிடும். சோப்பு போடவே கூடாதாம்.

வீட்டில் நாலு டம்ளர் காப்பி வேண்டும். அதற்கு மேசைக்கரண்டியால் குவித்து நாலு கரண்டி தூள், ஏறத்தாழ 30 கிராம். தண்ணீர் 200 மில்லி. தூள் தன் எடையைப் போல இரண்டு பங்கு தண்ணீரைக் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆகவே கீழே இறங்குவது 140 மில்லி அளவுதான். டம்ளருக்கு 35 மில்லி டிகாஷன், அதைப் போல மூன்று நாலு பங்கு பால். கணக்கு சரியாக வந்துவிடுகிறது.

சிக்கல் அமுக்குவதில் இருக்கிறது. தூளைப் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிச் சமப்படுத்தி, குடையை அதன் மேல் வைத்து லேசாக அழுத்த வேண்டும். பேத்தி முதலில் கட்டைவிரலால் அமுக்கு அமுக்கென்று அமுக்கிவிட்டாள். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்பூன்கூட இறங்கவில்லை. ஸ்பூனை விட்டுக் கிளறப் போனவளைத் தாத்தா தடுத்தார்.

“கிளறுனா தூளு கீழ வந்து வண்டலாப் போயிரும்டா. மேல் பாத்திரத்தக் கொஞ்சம் தளத்தி விடு. உள்ள காத்து மாட்டிக்கிட்டிருக்கும்.”

இரண்டு பாத்திரமும் இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் கீழே உள்ள காற்று வெளியேற வழியில்லாமல் டிகாஷனைத் தடுத்து நிற்கும். தளர்த்தியதும் சொட்ட ஆரம்பித்தது. மறுநாள் அவள் பயந்துபோய் அமுக்கவே இல்லை. ஐந்தே நிமிடத்தில் எல்லாத் தண்ணீரும் கீழே வந்துவிட்டது. தாத்தா டபராவில் கொஞ்சம் ஊற்றிச் சாய்த்துக் காட்டினார்.

“இது டிகாஷன் இல்ல கண்ணு, காப்பித்தூளு குளிச்ச தண்ணி.”

சரியாகப் போட்டால் 15 முதல் 20 நிமிடம் ஆகும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, கொதி அடங்கிய பிறகு முதலில் தூள் நனையும் அளவு மட்டும் விட வேண்டும். புதுத் தூளாக இருந்தால் நுரைத்துக்கொண்டு உப்பும். உப்பாமல் களிமண் போலக் கிடந்தால் தூள் பழசு. அரை நிமிடம் பொறுத்து மீதித் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டுப் பக்கத்தில் போகாமல் இருப்பதுதான் சின்னப் பிள்ளைக்குக் கஷ்டமான வேலை. அவள் நொடிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பால் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் சேர்க்காத பால், ஒரு பொங்கு பொங்கியதும் இறக்கி உடனே கலக்க வேண்டும். ஆறிய டிகாஷனை அடுப்பில் நேராகச் சூடுபண்ணினால் கசக்கும். வெந்நீரில் கிண்ணத்தோடு வைத்தால் போதும்.

இனி நான் எழுத வந்ததற்கு வருகிறேன். ஊரிலிருந்து வரும்போது பேத்தியின் அம்மா ஒரு காப்பித்தூள் பாக்கெட் கொண்டுவந்திருந்தார். பெயர் எதற்கு? பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் காப்பி 53, சிக்கரி 47 சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. சட்டப்படி குற்றமில்லை. கலவைத் தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு என்பதைப் பாக்கெட்டில் போட வேண்டும் என்பதே உணவுப் பாதுகாப்பு விதி. அதற்குள்தான் இருக்கிறது.

தாத்தா இரண்டு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் வைக்கச் சொன்னார். ஒன்றில் அவர் தூள், கும்பகோணத்தில் அரைத்து வாங்கியது, காப்பி 80, சிக்கரி 20. இன்னொன்றில் பாக்கெட் தூள். இரண்டிலும் ஒரு சிட்டிகை மேலாகத் தூவினாள். காப்பியில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அது தண்ணீர் மேல் மிதக்கும். சிக்கரி சட்டென்று நனைந்து, பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு அடியில் போகும். முதல் டம்ளரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோடுகள். இரண்டாவது டம்ளரில் அவள் வாயைப் பிளக்கும்படி மளமளவென்று இறங்கித் தண்ணீரே நிறம் மாறிவிட்டது. இந்தச் சோதனை சிக்கரி இருக்கிறதா என்று காட்டும், எத்தனை சதவீதம் என்று காட்டாது. ரொம்ப நேரம் விட்டுவைத்தால் நல்ல காப்பித்தூளும் ஊறி அமிழ்ந்துவிடும் என்பதால் முதல் சில நிமிடங்களில் பார்த்துவிட வேண்டும்.

அதே 30 கிராம் தூளை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் தூளில் 24 கிராம் காப்பி, அதாவது டம்ளருக்கு 6 கிராம். பாக்கெட்டில் 16 கிராம்கூட முழுதாக இல்லை, டம்ளருக்கு 4 கிராம்தான். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் விளைகிறது. அதில் கஃபீன் கிடையாது. ஆனால் தண்ணீரில் கரையும் பங்கு காப்பியைவிட அதிகம். அதனால் டிகாஷன் கறுப்பாக, கெட்டியாக, கள்ளிச்சொட்டு போலவே தெரியும். கண்ணுக்கு நல்ல காப்பி, உள்ளே காப்பி குறைவு. அம்மா காலையில் ஒன்றுக்கு மூன்று டம்ளர் குடித்தும் தலைவலி போகவில்லை என்கிறாரே, அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். எனக்கு இந்தக் கணக்குப் போதும்.

சிக்கரியும் தண்ணீரை உறிஞ்சிப் பருத்துக்கொள்வதால் ஃபில்டரில் சீக்கிரம் அடைப்பு விழும். பேத்தியின் முதல் நாள் தூள் பாக்கெட் தூள்தான் என்று பிறகு தெரிந்தது. கட்டைவிரல் மேல் மட்டும் பழி போட்டோமே என்று தாத்தா சிரித்தார்.

சிக்கரி இல்லாத காப்பியில் கொழகொழப்பு வராது, பாலோடு சேராது என்பவர்களும் உண்டு. தாத்தாவே 20 போட்டுத்தான் குடிக்கிறார். இருக்கட்டும். விலை ஏற ஏற, 20 எப்போது 30 ஆனது, 30 எப்போது 47 ஆனது என்று குடிக்கிறவருக்குத் தெரியாமலே போகிறதே, அதுதான் என் கவலை. கண்ணெதிரே கொட்டையை அரைத்துக் கொடுக்கும் கடையில் சொல்லி வாங்கலாம். பாக்கெட் வாங்கினால் அதைத் திருப்பிப் படிக்கிற பொறுமை வேண்டும்.

தாத்தா பத்து நாளைக்கு மேல் தூள் வைத்துக்கொள்வதில்லை, வாசனை போய்விடும் என்று 200 கிராமாகவே வாங்குகிறார். ஊருக்குக் கிளம்பும் முன் பேத்தி பிளான்டேஷன், பீபெரி இரண்டும் பாதிப் பாதி, சிக்கரி 15 என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். பக்கத்திலேயே தெருமுனை அரவைக் கடையின் பெயரும் இருந்தது. அவள் அம்மா அந்த நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பாக்கெட் தூள் இன்னும் முக்கால் கிலோ வீட்டில் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்டார்.

“உங்க ஆபீசுக்குக் கொண்டு போயிடும்மா” என்றாள்.