‘டீ’க்கு வரச் சொன்னார்கள்

மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஆஸ்திரேலியாவின் பலரட் நகருக்குப் போய், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தபோது எழுதிய டைரியில் ஒரு பக்கம் இது.

புதன், இரவு 9 மணி.

காலையில் வீட்டம்மா, “ஆறு மணிக்கு டீ” என்றார். டீ தானே என்று ஐந்தரைக்கே அறையில் நாலு ரொட்டித் துண்டைத் தின்றுவிட்டு இறங்கினேன். மேசையில் முழுக்கோழி வறுவல், உருளைக்கிழங்கு, சுட்ட பூசணி. டீயைக் காணோம். இங்கே பல வீடுகளில் ராச்சாப்பாட்டுக்குப் பெயரே ‘டீ’தானாம். இங்கிலாந்தின் வடபகுதியிலும் இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்கள். கோழிக்குப் பெயர் ‘சூக்’. கொல்லையில் மேய்ந்தாலும் சூக், தட்டில் கிடந்தாலும் சூக்.

பெரிய பையனிடம், “இன்னும் பூசணி வைக்கட்டுமா?” என்று கேட்டேன். “யா, நா” என்றான். முதலில் ‘யா’ வந்ததால் ஒரு துண்டை எடுத்து வைத்துவிட்டேன். அவன் மறுக்காமல் சாப்பிட்டான், பாவம். பிறகு வீட்டம்மா விளக்கினார்: ‘யா’ என்றால் நீ கேட்டது காதில் விழுந்தது, கேட்டதற்கு நன்றி என்ற அளவில்தான். பதில் அடுத்து வரும் ‘நா’வில் இருக்கிறது, அதாவது வேண்டாம். ‘நா, யா’ என்று திருப்பிச் சொன்னால் சம்மதம். ஆகவே கடைசிச் சொல் வரும்வரை கரண்டியைத் தூக்கக் கூடாது. முகத்தில் அடித்தாற்போல மறுக்காமல் இருக்க எவ்வளவு இதமான வழி!

சொற்களைச் சுருக்குவதுதான் எனக்குப் பெரும்பாடு. நீளமான சொல்லின் தலையை மட்டும் வைத்துக்கொண்டு ‘ஓ’ அல்லது ‘ஈ’ என்று ஒரு வால் ஒட்டுகிறார்கள். ஆஃப்டர்நூன் ‘ஆர்வோ’ ஆகிறது. பெட்ரோல் போடும் சர்வீஸ் ஸ்டேஷன் ‘சர்வோ’, காலை உணவு ‘பிரெக்கி’, கொசு ‘மோஸி’. குழந்தைப் பேச்சு என்று நினைத்தேன். இல்லை, தாத்தாவும் இப்படித்தான் பேசுகிறார். நீயும் நம்மவன் என்கிற நெருக்கம் அந்த வாலில் இருக்கிறது. ஆனால் எதற்கு எந்த வால் என்று விதி கிடையாது. ஆம்புலன்ஸ்காரர் ‘ஆம்போ’, தீயணைப்பு வீரர் ‘ஃபயரி’. காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். நாமாக ஒட்டினால் மேசையில் யாருக்கும் புரிவதில்லை.

எழுந்திருக்கும்போது இன்னொன்று. சனிக்கிழமை பக்கத்து வீட்டில் ‘பார்பி’, அதாவது வெளியில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடும் விருந்து. “ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவரச் சொன்னார்கள்” என்றார் வீட்டம்மா. அவர்கள் வீட்டில் தட்டு போதாதோ என்று, ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தட்டைக் கழுவி எடுத்து வந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வெறும் தட்டு இல்லை கண்ணு, எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது செய்து, அதில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.” இன்றைக்கே கேட்டது நல்லதாயிற்று. வெறுந்தட்டோடு போய் நின்றிருப்பேன்.

எலுமிச்சை சாதம் என்று முடிவு செய்துவிட்டேன். நாளை ஆர்வோ கடைக்குப் போய்க் கடுகு கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.